மறுசெய்கை ஆய்வின் அறிமுகப் பகுதி: ஏன் திரும்பச் செய்கிறோம், எதில் மாறுபடுகிறோம் என்பதை எழுதும் முறை

ஒருவர் செய்து வெளியிட்ட ஆய்வை மற்றொருவர் திரும்பச் செய்து, அதே முடிவு கிடைக்கிறதா என்று பார்ப்பதே மறுசெய்கை ஆய்வு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்வியியலிலோ உளவியலிலோ முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் பலர், வெளிநாட்டில் நடந்த ஓர் ஆய்வை எடுத்து இங்குள்ள மாணவர்களிடம் செய்து பார்க்க விரும்புகிறார்கள். அது நல்ல விருப்பம்தான். ஆனால் அவர்களுடைய அறிமுகப் பகுதியைத் திறந்தால், "இத்தகைய ஆய்வு இம்மாவட்டத்தில் இதுவரை மேற்கொள்ளப்படவில்லை, எனவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது" என்ற வாக்கியமே காரணமாக நிற்கிறது. அது உண்மையாக இருக்கலாம், காரணமாக ஆகாது. இம்மாவட்டத்தில் செய்யப்படாத ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுள் இந்த ஒன்றை ஏன் செய்ய வேண்டும், இங்கே செய்தால் மூல ஆய்வைப் பற்றி நாம் புதிதாக என்ன அறிந்துகொள்வோம் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் விடை இல்லை.

அறிமுகப் பகுதி இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். இந்த ஆய்வைத் திரும்பச் செய்வதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். மூல ஆய்விலிருந்து நாம் எங்கெங்கே விலகுகிறோம், அந்த விலகல் முடிவைப் பாதிக்குமா என்பதையும் சொல்ல வேண்டும். இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. காரணம் தெளிவாக இருந்தால்தான் எந்த விலகல் நாம் வேண்டுமென்றே செய்தது, எது வேறு வழியில்லாமல் நேர்ந்தது என்று பிரிக்க முடியும். ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுசென்று இதை விளக்குகிறேன். மூல ஆய்வு உண்மையானது. அதைத் திரும்பச் செய்யும் கிருஷ்ணகிரி ஆய்வு, விளக்கத்திற்காக நான் அமைத்துக்கொண்டது.

எடுத்துக்கொள்ளும் மூல ஆய்வு

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நல்லதா, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லதா என்பதே அதன் கேள்வி. அதன் முதல் சோதனையில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்கள் 120 பேர் பங்கேற்றனர். சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் இரண்டு சிறு உரைப்பகுதிகள் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. ஒன்றில் 256 ஆங்கிலச் சொற்கள், மற்றொன்றில் 275. ஒவ்வொரு மாணவரும் ஓர் உரைப்பகுதியை 7 நிமிடம் வாசித்து, பிறகு மீண்டும் 7 நிமிடம் வாசித்தார். மற்றதை 7 நிமிடம் வாசித்து, அடுத்த 7 நிமிடத்தில் நினைவிலிருந்து எழுதினார். எழுதியது சரியா தவறா என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. இறுதி நினைவுத் தேர்வு மூன்றில் ஒரு பங்கினருக்கு 5 நிமிடம் கழித்தும், இன்னொரு பங்கினருக்கு 2 நாள் கழித்தும், எஞ்சியவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் நடந்தது. ஒவ்வோர் உரைப்பகுதியும் 30 கருத்தலகுகளாகப் பிரிக்கப்பட்டு, மாணவர் எத்தனை அலகுகளை நினைவுகூர்ந்தார் என்று மதிப்பெண் இடப்பட்டது.

5 நிமிடத்திற்குப் பின் இருமுறை வாசித்த பகுதியில் 81 விழுக்காடும், ஒருமுறை வாசித்து ஒருமுறை எழுதிய பகுதியில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரத்திற்குப் பின் நிலைமை தலைகீழானது: இருமுறை வாசித்ததில் 42, வாசித்து எழுதியதில் 56. இரண்டு நாளிலேயே இந்தத் திருப்பம் தெரிந்துவிட்டது. அப்போது 54க்கு 68.

முதற்படி: மூல ஆய்வு எதைச் சொன்னது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

காரணத்தை எழுதுவதற்கு முன், நீங்கள் சோதிக்கப்போகும் கூற்றைத் துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள். "தேர்வு எழுதுவது கற்றலுக்கு நல்லது என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் நிறுவினர்" என்று எழுதினால் மூல ஆய்வு கரைந்துவிடுகிறது. அவர்கள் கண்டது அதைவிடக் குறுகியது, ஆகவே அதைவிடக் கூர்மையானது: பின்னூட்டம் இல்லாமல் ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, அதே நேரத்தை மறுவாசிப்பில் செலவிடுவதைக் காட்டிலும், இரண்டு நாள் அல்லது ஒரு வாரம் கழித்துக் கூடுதலான நினைவைத் தருகிறது, ஆனால் 5 நிமிடம் கழித்துக் குறைவான நினைவையே தருகிறது.

இந்த வாக்கியத்தில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன: பின்னூட்டம் இல்லை, செலவிட்ட நேரம் சமம், நினைவிலிருந்து எழுதும் வகைத் தேர்வு, குறிப்பிட்ட கால இடைவெளி. இவற்றுள் எதையாவது நீங்கள் மாற்றினால் அது பின்னால் வேறுபாடுகளின் பட்டியலில் வந்தே ஆக வேண்டும். நிபந்தனைகளை இங்கேயே விட்டுவிட்டவர்களுக்குப் பின்னால் அவை மாறிவிட்டதே தெரிவதில்லை. பல அறிமுகங்களில் வேறுபாடுகள் குறைவாக எழுதப்படுவதற்கு அலட்சியத்தைவிட இதுவே காரணமாக இருக்கிறது. ஆகவே மூல ஆய்வின் சுருக்கத்தை மட்டும் படித்து இதை எழுத வேண்டாம். செய்முறைப் பகுதியை முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாம் படி: காரணம்

மறுசெய்கைக்கான நியாயமான காரணங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். மூல முடிவின் மீதே ஐயம் இருக்கலாம்: மாதிரி சிறியதாக இருந்திருக்கும், அல்லது வேறு ஆய்வுகள் முரணான முடிவைத் தந்திருக்கும். முடிவு உறுதியானதாக இருந்தும் அது எந்த எல்லை வரை செல்லுபடியாகும் என்று தெரியாமல் இருக்கலாம். அல்லது அந்த முடிவை நம்பி ஒரு பெரிய நடைமுறை மாற்றம் வரப்போகிறது என்பதால், முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கலாம். உங்களுடைய காரணம் இவற்றுள் எது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அறிமுகத்தை இன்னும் எழுதத் தொடங்க வேண்டாம்.

முதல் வகைக் காரணத்தைப் புதியவர்கள் எளிதில் எடுத்துக்கொள்கிறார்கள். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்த ஒரு பெரிய கூட்டு முயற்சியில், மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் பொருண்மை கொண்ட முடிவைத் தந்திருந்தும், மறுசெய்கைகளில் 36 விழுக்காடு மட்டுமே அவ்வாறு தந்தன. இந்த எண்களை அறிமுகத்தின் முதல் பத்தியில் வைத்து, "எனவே இந்த ஆய்வையும் திரும்பச் செய்ய வேண்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். உளவியல் ஆய்வுகளைப் பற்றிய பொதுவான கவலை, நீங்கள் எடுத்துக்கொண்ட குறிப்பிட்ட ஆய்வைப் பற்றிய ஐயமாகத் தானாக மாறிவிடாது. நம் எடுத்துக்காட்டில் அது பொருந்தவும் பொருந்தாது. நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதன் பயன் பல ஆய்வாளர்களால் பலமுறை காணப்பட்ட ஒன்று. அதை மறைத்து, நிரூபிக்கப்படாத ஒரு கூற்றைத் தாம் சோதிப்பதுபோல் எழுதுவது வாசகரைத் தவறாக வழிநடத்துவதாகும். துறையை அறிந்த புறத்தேர்வாளர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

ஆகவே நம் காரணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது, அதாவது எல்லை பற்றியது. எல்லைக் கேள்விக்குக் கோட்பாட்டு அடிப்படை வேண்டும். இங்கே அது இருக்கிறது. கோர்னெல், பியோர்க், கார்சியா ஆகியோர் 2011இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பின்னூட்டமில்லாத் தேர்வு ஒரு மாணவரின் நினைவுகளை இரு கூறாகப் பிரிக்கிறது. அந்தத் தேர்வில் நினைவுக்கு வந்தவை மிகவும் வலுப்பெறுகின்றன. வராதவை இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மறுவாசிப்போ எல்லாவற்றையும் சிறிதளவு வலுப்படுத்துகிறது. அப்படியானால் முதல் தேர்வில் மாணவர் எவ்வளவு நினைவுகூர்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மூல ஆய்வின் மாணவர்கள் தாம் எழுதிப் பார்த்த பகுதியில் 5 நிமிடம் கழித்து முக்கால் பங்கை நினைவுகூர்ந்தனர். ஆகவே முதல் எழுத்திலும் பெரும்பகுதி அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். முதல் எழுத்தில் மிகக் குறைவாகவே எழுத முடிகிற மாணவர்களுக்கு அதே பயன் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதிகள் பொருத்தமான களம். அங்கே தமிழ்வழி வகுப்புகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் மாணவர்களும், வீட்டில் தமிழ் பேசும் மாணவர்களும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடநூலைப் படிக்கிறார்கள். பள்ளிமொழியும் வீட்டுமொழியும் வேறாக உள்ள மாணவர், தமிழ் உரைப்பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு எழுதும்போது குறைவாக எழுதக்கூடும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. இப்போது இடம் ஆய்வின் காரணத்திற்குள்ளேயே வந்துவிட்டது. "கிருஷ்ணகிரியில் யாரும் செய்யவில்லை" என்று எழுத வேண்டிய தேவை இல்லை. இந்தக் கேள்வியைச் சோதிப்பதற்கு வேண்டிய நிலைமை இங்கே இயல்பாக அமைந்திருக்கிறது என்று எழுதலாம்.

எழுதிய காரணம் சரியானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. எந்த முடிவு வந்தாலும் மூலக் கூற்றைப் பற்றிய நம் நம்பிக்கை ஏதாவதொரு திசையில் மாறுமா என்று பாருங்கள். பிரையன் நோசெக்கும் டிமோதி எரிங்டனும் 2020இல் மறுசெய்கை ஆய்வு என்பதையே இந்த அடிப்படையில்தான் வரையறுத்தார்கள்: எந்த முடிவு வந்தாலும் அது முந்தைய கூற்றுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ சான்றாகுமானால் அது மறுசெய்கை. நம் ஆய்வில் இரு குழுவினருக்கும் ஒரே அளவு பயன் கிடைத்தால், மூலக் கூற்று அதன் ஆசிரியர்கள் சோதித்த எல்லையைத் தாண்டியும் நிற்கிறது என்பதாகும். வீட்டுமொழி வேறான குழுவில் பயன் குறைந்தோ மறைந்தோ போனால், மூலக் கூற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதாகும். "பயன் கிடைத்தால் மூல ஆய்வு சரி, கிடைக்காவிட்டால் நம் மாணவர்கள் வேறு மாதிரி" என்று எந்த முடிவிலும் மூலக் கூற்றைத் தப்பவிடும் காரணம், மறுசெய்கை ஆய்வுக்குரிய காரணம் ஆகாது.

மூன்றாம் படி: வேறுபாடுகளை மூன்றாகப் பிரித்தல்

மூல ஆய்வின் செய்முறைப் பகுதியை வரிவரியாக எடுத்து, ஒரு தாளில் இடப்புறம் அவர்கள் செய்ததையும் வலப்புறம் நீங்கள் செய்யப்போவதையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி இடுங்கள்: அப்படியே வைத்துக்கொண்டது, கேள்விக்காக வேண்டுமென்றே மாற்றியது, வேறு வழியில்லாமல் மாறியது. அறிமுகத்தில் இந்த அட்டவணை முழுவதும் வர வேண்டியதில்லை. அது செய்முறைப் பகுதியிலோ பின்னிணைப்பிலோ இடம்பெறலாம். அறிமுகத்தில் வர வேண்டியவை, வேண்டுமென்றே மாற்றியவை எல்லாமும், வேறு வழியில்லாமல் மாறியவற்றுள் முடிவைத் திசைதிருப்பக்கூடியவையும் ஆகும்.

நம் எடுத்துக்காட்டில் வேண்டுமென்றே மாற்றியது ஒன்றுதான்: பங்கேற்பாளரின் வீட்டுமொழியும் உரைப்பகுதியின் மொழியும் வேறாக இருக்கும் ஒரு குழுவைச் சேர்த்திருக்கிறோம். அதை ஒப்பிடுவதற்காக வீட்டிலும் தமிழ் பேசும் குழுவையும் வைத்திருக்கிறோம். இந்த இரண்டாம் குழு இல்லாமல் செய்திருந்தால், முடிவு மாறும்போது அது மொழியால் மாறியதா, வயதால் மாறியதா, பள்ளிச் சூழலால் மாறியதா என்று சொல்ல வழியே இருந்திருக்காது. ஒரு வேறுபாட்டைச் சோதிக்க விரும்பினால் அது இருக்கும் குழுவும் இல்லாத குழுவும் உங்கள் ஆய்வுக்குள்ளேயே இருக்க வேண்டும். மூல ஆய்வின் மாணவர்களை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்வது போதாது, ஏனெனில் அவர்களுக்கும் உங்கள் மாணவர்களுக்கும் இடையே ஒரே நேரத்தில் பல வேறுபாடுகள் இருக்கின்றன. எல்லைக் கேள்வியோடு வருகிற பெரும்பாலான முன்மொழிவுகள் இந்த இடத்தில்தான் பலவீனமாக இருக்கின்றன. அறிமுகத்தை எழுதும்போதே அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆய்வு வடிவமைப்பைத் திருத்த நேரம் இருக்கும்.

வேறு வழியில்லாமல் மாறியவை பல. பங்கேற்பாளர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். மூல ஆய்வில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் அமர்த்தப்படவில்லை. இங்கே முழு வகுப்பும் ஒன்றாக எழுதும். கால அளவும் ஒரு சிக்கல். நான்கு 7 நிமிடப் பகுதிகளும் அவற்றுக்கு இடையே பெருக்கல் கணக்குப் போடும் 2 நிமிட இடைவேளைகளும் சேர்ந்து 34 நிமிடம் ஆகின்றன. விளக்கம் சொல்லும் நேரத்தோடு இதை ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம். ஆனால் 5 நிமிடம் கழித்து நடத்தும் இறுதித் தேர்வுக்கு அதற்குள் இடமில்லை. ஆகவே ஒரு வார இடைவெளியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இதைச் செய்தவுடன் நாம் சோதிக்கும் கூற்று சுருங்கிவிடுகிறது. 5 நிமிடத்தில் மறுவாசிப்பு முந்துகிறது, ஒரு வாரத்தில் எழுதிப் பார்த்தல் முந்துகிறது என்ற திருப்பத்தை நாம் சோதிக்கவில்லை. அதன் பிற்பாதியை மட்டுமே சோதிக்கிறோம். அறிமுகத்தில் இதை வெளிப்படையாக எழுதாமல் முழு ஆய்வையும் திரும்பச் செய்ததாகக் காட்டினால் அது பிழையாகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாக எழுத வேண்டியது உரைப்பகுதி பற்றிய வேறுபாடு. மூல ஆய்வின் ஆங்கிலப் பகுதிகளை அப்படியே மொழிபெயர்ப்பதா, புதிதாக எழுதுவதா? சூரியனைப் பற்றிய செய்திகளை நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் முன்பே படித்திருப்பார்கள். அப்போது அவர்கள் எழுதுவதில் எது இன்று வாசித்தது, எது முன்பே அறிந்தது என்று பிரிக்க முடியாது. இருமுறை வாசித்தல், வாசித்து எழுதுதல் என்ற இரண்டு நிபந்தனைகளிலும் மதிப்பெண் உயர்ந்து, இடைப்பட்ட வேறுபாடு சுருங்கும். உள்ளூர்ப் பொருளாக இருக்கட்டும் என்று மாம்பழச் சாகுபடியைப் பற்றி எழுதினால் இச்சிக்கல் இன்னும் பெரிதாகும். தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை வாசிக்காமலேயே பாதியை எழுதிவிடும். கடல் நீர்நாய் இந்த வகையில் நல்ல பொருள், ஏனெனில் இங்கே யாரும் அதைப் பார்த்ததில்லை. புதிய பொருள், எளிய மொழி என்பதே தேர்வுக்கான அளவுகோல். உள்ளூர்த்தன்மை வேண்டும் என்ற ஆசை நல்லதாயினும், இந்த ஆய்வில் அது கேடு செய்கிறது.

மொழிபெயர்த்தாலும் இரண்டு மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை. ஆங்கிலத்தில் தனிச்சொற்களாக நிற்கும் பல தமிழில் வேற்றுமை உருபாகவும் வினைமுற்று விகுதியாகவும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 256 சொற்கள் கொண்ட பகுதி தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் வரும். ஆகவே சொற்களின் எண்ணிக்கையைச் சமப்படுத்த முயல்வது வீண்; 30 கருத்தலகுகள் என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றுவதே பொருத்தமானது. இரண்டாவது, 7 நிமிடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அந்தப் பகுதியை ஒருமுறையாவது முழுவதும் வாசித்து முடிக்கிறாரா என்பது. முடிக்கவில்லை என்றால் அவருடைய இரண்டாம் வாசிப்பு உண்மையில் முதல் வாசிப்பின் தொடர்ச்சியாகிவிடும். இருமுறை வாசித்தல் என்ற நிபந்தனையே அங்கு இல்லாமல் போகும். முதன்மை ஆய்வில் சேராத ஒரு சிறு குழுவிடம் முன்னோட்டம் நடத்தி, அவர்கள் 7 நிமிடத்திற்குள் முடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை அறிமுகத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு வேறுபாடும் முடிவை எத்திசையில் தள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லுதல்

வேறுபாட்டைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது. அது முடிவைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா, பாதித்தால் எந்தத் திசையில் என்பதையும் எழுத வேண்டும். இதைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதற்கு நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வு சான்றாக உள்ளது.

ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் உடனாய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பேனாவைப் பற்களுக்கிடையே பிடித்து, தம்மை அறியாமல் புன்னகைக்கும் முகத்தோடு இருந்தவர்கள், உதடுகளால் பிடித்தவர்களைக் காட்டிலும் கேலிச்சித்திரங்களைக் கூடுதல் நகைச்சுவையானவை என்று மதிப்பிட்டார்கள். 2016இல் 17 ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. பேனாவைச் சரியாகப் பிடித்தார்களா என்று பார்ப்பதற்காக மறுசெய்கையில் பங்கேற்பாளர்கள் ஒளிப்பதிவு செய்யப்பட்டார்கள். மூல ஆய்வில் ஒளிப்பதிவுக் கருவி இல்லை. தாம் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு விளைவை அழித்திருக்கலாம் என்று ஸ்ட்ராக் பிறகு சுட்டிக்காட்டினார். 2018இல் வேறு ஆய்வாளர்கள் கருவியோடும் கருவியில்லாமலும் செய்துபார்த்து, கருவி இல்லாதபோது விளைவு தெரிந்ததாகவும் இருக்கும்போது தெரியவில்லை என்றும் அறிவித்தனர். விவாதம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: கண்காணிப்புக்காகச் சேர்த்த ஒரு சிறு வேறுபாடு, முடிவு வெளிவந்த பிறகு மையக் கேள்வியாக மாறிவிட்டது. இந்த வேறுபாடு விளைவைப் பாதிக்கும் என்றோ பாதிக்காது என்றோ முன்கூட்டியே இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால், முடிவின் பொருள் தெளிவாக இருந்திருக்கும். பின்னால் சொல்லப்படும் விளக்கத்தைத் தோல்விக்குச் சொல்லும் சாக்கு என்று ஒரு தரப்பு கருதும். உண்மையான காரணம் என்று மறுதரப்பு கருதும். இரண்டில் எது சரியென்று அந்த ஆய்வை வைத்தே தீர்மானிக்க முடியாது.

நம் ஆய்வுக்கு வருவோம். முழு வகுப்பாக அமர்த்துவது கவனத்தைக் குறைக்கலாம்; ஆனால் ஒரே மாணவர் இரண்டு நிபந்தனைகளிலும் பங்கேற்பதால் அந்தக் குறைவு இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுபோல் பாதிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். வயது வேறுபாடு மொத்த நினைவளவைக் குறைக்கும். முதல் எழுத்தில் நினைவுக்கு வருவது குறைவதன் வழியாக மட்டுமே அது எழுதிப் பார்த்தலின் பயனைத் தொடும். இதனால் முதல் எழுத்தின் மதிப்பெண்ணைத் தனியே பதிவுசெய்வது இன்றியமையாததாகிறது. ஒரு வாரத்திற்குள் ஒரே வகுப்பு மாணவர்கள் தமக்குள் அந்தப் பகுதிகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இதைத் தடுக்க முடியாது. பேச்சும் ஒரு வகையில் நினைவிலிருந்து எடுப்பதுதான் என்பதால், அது இருமுறை வாசித்த பகுதிக்கும் பயன் தந்து இரு நிபந்தனைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைக்கும். அப்படியானால் நமக்கு வேறுபாடு கிடைக்காமல் போகும்போது இதுவும் ஒரு விளக்கமாக நிற்கும் என்பதை அறிமுகத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: மறுசெய்கையின் வகையையும், எதை ஒத்த முடிவாகக் கொள்வோம் என்பதையும் குறிப்பிடுதல்

மூல ஆய்வின் செய்முறையை இயன்றவரை அப்படியே பின்பற்றுவது நேரடி மறுசெய்கை. ஓரளவு மாற்றங்களோடு பின்பற்றுவது தோராய மறுசெய்கை. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வழியில் சோதிப்பது கருத்துநிலை மறுசெய்கை. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆய்வறிக்கை நெறிகள் இவ்வகையைத் தலைப்பிலும் உரையிலும் வாசகருக்குத் தெளிவாகும்படி சொல்லுமாறு கேட்கின்றன. நம் ஆய்வு தோராய மறுசெய்கையாகும். இதற்கு நேரடி மறுசெய்கை என்று பெயரிட்டுக் கூடுதல் மதிப்புத் தேட வேண்டியதில்லை.

மாதிரி அளவுக்குச் சைமன்சன் 2015இல் தந்த எளிய விதி ஒன்று உண்டு: மறுசெய்கையின் மாதிரி, மூல ஆய்வின் மாதிரியைப் போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். மூல ஆய்வில் ஒரு வார இடைவெளிக்கு 40 பேர். ஆகவே நமக்கு ஒவ்வொரு மொழிக்குழுவிலும் 100 பேர். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே மூல முடிவைச் சோதிக்க இது பொருத்தம். ஆனால் இரு குழுக்களின் பயன் தமக்குள் வேறுபடுகிறதா என்ற கேள்விக்கு இந்த எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். இரண்டு வேறுபாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காண எப்போதும் பெரிய மாதிரி வேண்டும். முதுகலை மாணவரால் அவ்வளவு பேரைத் திரட்ட இயலாவிட்டால், அந்த ஒப்பீடு முதற்கட்டமானது என்று அறிமுகத்தில் எழுதுவதே நேர்மையானது.

எழுதிப் பார்த்தல்

மேலே சொன்னவை ஒன்றுசேரும்போது அறிமுகத்தின் இறுதிப் பத்திகள் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

> ரோடிகரும் கார்ப்பிக்கியும் (2006), பின்னூட்டமின்றி ஒருமுறை நினைவிலிருந்து எழுதுவது, மறுவாசிப்பைவிட ஒரு வாரத்திற்குப் பின் கூடுதலான நினைவைத் தருவதாகக் கண்டனர். இம்முடிவு பின்னர் பலமுறை உறுதிப்பட்டுள்ளது. அதன் இருப்பை நாங்கள் ஐயுறவில்லை. எனினும், முதல் தேர்வில் நினைவுக்கு வந்தவை மட்டுமே வலுப்பெறுகின்றன என்ற விளக்கம் (கோர்னெல், பியோர்க், கார்சியா 2011) சரியானால், முதல் தேர்வில் குறைவாக நினைவுகூரும் மாணவர்களுக்கு இப்பயன் குறைய வேண்டும். பள்ளிமொழியும் வீட்டுமொழியும் வேறான மாணவர்களிடம் இதைச் சோதிக்கிறோம்.
>
> இது மூல ஆய்வின் முதல் சோதனையைப் பின்பற்றும் தோராய மறுசெய்கை. வாசிப்பு நேரம், எழுதும் நேரம், பின்னூட்டமின்மை, 30 கருத்தலகு மதிப்பீடு ஆகியவற்றை மாற்றவில்லை. வீட்டுமொழி அடிப்படையில் இரு குழுக்களைச் சேர்த்தது நாங்கள் வேண்டுமென்றே செய்த மாற்றம். 5 நிமிட, 2 நாள் இடைவெளிகளை விட்டுவிட்டதால், மறுவாசிப்பின் குறுகியகால மேன்மையை இவ்வாய்வு சோதிக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசும் குழுவில் மூல முடிவின் திசையிலேயே வேறுபாடு கிடைக்கும் என எதிர்பார்க்கிறோம். அக்குழுவிலும் அது கிடைக்காவிட்டால், மொழி பற்றிய ஒப்பீட்டிலிருந்து எந்த முடிவும் எடுக்கமாட்டோம்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வீட்டில் தமிழ் பேசும் குழுவிலேயே விளைவு தோன்றவில்லை என்றால், வயதோ வகுப்பறைச் சூழலோ உரைப்பகுதியோ தடையாக இருந்திருக்கலாம். அந்நிலையில் மற்றக் குழுவில் விளைவு இல்லாததற்கு மொழியைக் காரணமாகச் சொல்ல முடியாது. முடிவு தெரிவதற்கு முன்பே இப்படித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் வாக்கியம், அறிமுகத்தில் உள்ள வேறெந்த வாக்கியத்தையும்விட வாசகரின் நம்பிக்கையைப் பெறும். மூல ஆசிரியர்களைக் குறைசொல்லும் தொனி இந்த மாதிரியில் எங்கும் இல்லை என்பதையும் பாருங்கள். அவர்கள் சோதித்தது எது, சோதிக்காதது எது என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

அறிமுகத்தின் இப்பகுதியைப் பள்ளிக்குச் செல்வதற்கு முன்பே எழுதி, நாளிட்டு, உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். `osf.io` போன்ற தளத்தில் முன்பதிவு செய்தால், அதாவது தரவு சேகரிப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தைப் பதிந்துவைத்தால், இன்னும் நல்லது. களத்தில் எதிர்பாராத மாற்றங்கள் நேரும். ஒரு பள்ளியில் மழை விடுமுறையால் ஒரு வாரம் ஒன்பது நாளாகலாம். ஒரு வகுப்பில் பெருக்கல் கணக்குத் தாள் போதாமல் போகலாம். அவற்றை அறிமுகத்திற்குள் பின்னால் நுழைத்து, முதலிலிருந்தே திட்டமிட்டதுபோல் எழுத வேண்டாம். "திட்டத்திலிருந்து விலகியவை" என்ற துணைத்தலைப்பின் கீழ், என்ன நேர்ந்தது, எந்தப் பள்ளியில் எத்தனை மாணவர்களைப் பாதித்தது, அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் முடிவு மாறுகிறதா என்பதோடு செய்முறைப் பகுதியின் இறுதியில் தனியே எழுதுங்கள்.